வாசலில் கூட்டம், முக்கில் காசு

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று சொல்லாதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. மேல்நிலைப் பள்ளி என்றால் நூற்றுக்கணக்கில் சைக்கிள் வரும், அதில் தினமும் பத்து சைக்கிளாவது காற்றிறங்கும், ஒன்றுக்கு முப்பது ரூபாய் என்றாலும் முந்நூறு ஆயிற்று என்று டீக்கடையில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டுவிடுவார்கள். பரமக்குடியிலிருந்து முதுகுளத்தூர் போகிற பக்கம், ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு அருகில்தான் என் தொழில் பல வருடமாக நடக்கிறது. அந்தக் கணக்கில் பிள்ளைகளின் எண்ணிக்கை சரி, பஞ்சரின் எண்ணிக்கையும் ஏறக்குறைய சரி. கடையில் ஒரே ஒரு ஆள் இருக்கிறான், அவனுக்கு இரண்டே கைதான் என்பது மட்டும் அதில் விட்டுப்போகிறது.

போன வருடம் என் அக்கா மகன் வந்து நின்றான். என்னிடம்தான் தொழில் பழகியவன். கொஞ்சகாலம் திருப்பூரில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தான்.

"மாமா, பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர்ல ஒரு இடம் வருது. வாடகை மாசம் ஆயிரந்தான். கேட்டைத் திறந்தா நம்ம கடைதான் முதல்ல தெரியும்."

"வேற இடம் எதுவும் பாத்தியா மாப்ள?"

"பள்ளிக்கூடத் தெரு மெயின் ரோட்டுல வந்து சேர்ற முக்குல ஒரு காரைவீட்டுத் திண்ணை இருக்கு. அவங்க ரெண்டாயிரம் கேக்குறாங்க. கேட்டுல இருந்து நூத்தம்பது மீட்டர் தள்ளிப் போயிருது."

இரண்டு இடத்தையும் நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பள்ளி நடக்கிற ஒரு புதன்கிழமை காலை ஏழரைக்கே போய் உட்கார்ந்தோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போனோம். கடைக்கு இடம் பார்க்கிறவர்கள் வேலை நாளில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். பள்ளிக்கு லீவு விட்ட நாளில் அதே இடம் எப்படிக் கிடக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். தமிழ்நாட்டில் பள்ளிகள் நடப்பது வருடத்துக்கு இருநூற்றுச் சொச்சம் நாள்தான். சனி, ஞாயிறு, காலாண்டு, அரையாண்டு விடுமுறை, மே மாதம், மழைக்கு விடுகிற விடுமுறை எல்லாம் போக மிஞ்சுவது அவ்வளவே. வாடகையும் வீட்டுச் செலவும் பன்னிரண்டு மாதத்துக்கும் உண்டு.

புதன்கிழமை காலை எட்டரையிலிருந்து ஒன்பதேகால் வரை கேட்டுக்கு முன்னால் கால் வைக்க இடமில்லை. மருமகனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா மாமா?" என்றான். இந்த முக்கால் மணி நேரத்தில் நீ எத்தனை பஞ்சர் ஒட்டுவாய் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, மூன்று என்றான். சரியான பதில்தான்.

ஏன் மூன்று என்றால், சைக்கிள் பஞ்சர் ஒன்றுக்குப் பதினைந்து இருபது நிமிடம் பிடிக்கும். சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. டயரின் ஒரு பக்கத்தை லிவர் கொடுத்து நெம்பி, டியூபை வெளியே இழுத்து, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிப் பார்க்க வேண்டும். ஒரு ஓட்டையைக் கண்டதும் நிறுத்திவிடக் கூடாது, முழு டியூபும் தண்ணீரில் ஒரு சுற்று வர வேண்டும். பிறகு ஈரம் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, தேய்த்த தூளைத் தட்டிவிட்டு, சொல்யூஷன் தடவிக் காத்திருக்க வேண்டும். விரல் நுனியால் தொட்டால் கையோடு வராமல் பிசுபிசுப்பு மட்டும் தெரிகிற பதம் வரவேண்டும். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் இரண்டு மூன்று நிமிடத்தில் அந்தப் பதம் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதைப்போல இரண்டு மடங்கு ஆகும். கூட்டம் நிற்கிறதே என்று ஈரச் சொல்யூஷன் மேலேயே ஒட்டை வைத்து அடித்தால் அன்று சாயங்காலம் வரை தாங்கும். மறுநாள் தார் ரோட்டுச் சூட்டில் டியூப் இளகியதும் ஒட்டு ஓரத்தில் கிளம்பிவிடும். அப்படிக் கிளம்பின ஒட்டை உரித்தால் அடியில் பளபளப்பாக வழவழவென்று இருக்கும். சரியாகப் பிடித்த ஒட்டை உரித்தால் டியூபின் ரப்பரும் சேர்ந்து பிய்ந்துகொண்டு வரும். அவசரத்தில் ஒட்டியதா பதம் பார்த்து ஒட்டியதா என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம்.

ஆக, காலைக் கூட்டத்தில் ஒரு ஆள் கையால் மூன்று சைக்கிளுக்கு மேல் முடியாது. மற்றவர்களைச் சைக்கிளை விட்டுவிட்டுப் போகச் சொல்லிச் சாயங்காலம் கொடுக்கலாம். நானும் அதைத்தான் செய்கிறேன், சீட்டின் மேல் சாக்பீஸால் பேரும் வகுப்பும் எழுதி வைத்துக்கொள்வேன். ஆனால் காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே காற்றில்லாத சைக்கிள் பள்ளிக்கூடம் வரை வராது. அந்தப் பிள்ளை பஸ் ஏறிவிடும், இல்லையென்றால் ஊரிலேயே யாராவது ஒட்டிக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் நமக்கு வருகிற பஞ்சர் பெரும்பாலும் நாலேகால் மணிக்கு வருவதுதான்.

அதற்குக் காரணம் சீமைக் கருவேல முள். விறகும் கரிமூட்டத்துக்குக் கட்டையும் ஏற்றிப் போகிற டிராக்டர்களிலிருந்து ரோட்டில் உதிர்ந்துகொண்டே இருக்கும். ஆணி ஏறினால் உடனே தெரியும். முள் அப்படியல்ல, டயருக்குள் ஏறி, தானே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும். காலையில் ஏறின முள்ளோடு பையன் பள்ளிக்கு வந்து சேர்ந்துவிடுவான். சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும்போது காற்று சன்னமாகக் கசிந்து, மணியடித்து வெளியே வந்து பார்க்கும்போது ரிம் தரையில் உட்கார்ந்திருக்கும். நாலேகாலுக்கு ஐந்தாறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவது இப்படித்தான். அப்போது நான் வந்த வரிசை பார்ப்பதில்லை. யாருடைய ஊர் தூரமோ அந்தச் சைக்கிள் முதலில். அதிலும் ஏழு எட்டு கிலோமீட்டர் தனியாகப் போகிற பெண் பிள்ளை இருந்தால் மற்ற எல்லாமே அப்புறம்தான். பையன்கள் முதலில் முணுமுணுப்பார்கள், பிறகு அவர்களே "இவ ஊர் தூரம்ணே, இதைப் பாருங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேரும் நேரம் அன்றைக்கு நம் கையில் இருக்கிறது, அதை மறந்துவிட்டுப் பள்ளிக்கூடத்துப் பக்கம் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, கேட்டுக்கு எதிர்க்கடையின் ஒரு நாள் வரும்படியை மருமகனையே எழுதச் சொன்னேன். காலையும் மாலையுமாகப் பத்து சைக்கிள் பஞ்சர், முப்பது ரூபாய் வீதம் முந்நூறு. பிரேக் கட்டை, செயின் இறுக்குவது, வால்டியூப் மாற்றுவது போன்ற சில்லறை வேலை நூற்றைம்பது. வாத்தியார் வண்டி ஒன்று பஞ்சர், நூறு. காற்று ஐம்பது. மொத்தம் அறுநூறு வருகிறது. சொல்யூஷன், ஒட்டு, கரண்டு என்று ஐம்பது கழித்தால் கையில் 550. இது பள்ளி நடக்கிற நாளில். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய் உட்கார்ந்திருந்தபோது அந்தத் தெருவில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. தெருவுக்குள் இருக்கிற வீட்டுக்காரர்களின் வண்டியைத் தவிர ஒன்றும் வராது. நூறு ரூபாய் பார்த்தால் அதிசயம்.

முக்குக் கடையில் சைக்கிள் குறையும். நூற்றைம்பது மீட்டர் தள்ளிக்கொண்டு வரச் சோம்பல்படுகிற பையன்கள் உண்டு, அந்த ரோட்டுப் பக்கமே திரும்பாமல் உள்தெரு வழியாக ஊருக்குப் போகிறவர்களும் உண்டு. எனவே சைக்கிள் பஞ்சர் ஆறு, 180 ரூபாய் என்று போட்டோம். சில்லறை வேலை நூறு. மெயின் ரோட்டில் போகிற பைக், ஸ்கூட்டர், எக்ஸெல் வண்டிகளில் நாளுக்கு ஐந்து பஞ்சர், நூறு ரூபாய் வீதம் ஐந்நூறு. காற்று நூற்றிருபது. இரண்டு நாளுக்கு ஒரு டியூப் மாற்றினால் அதில் நிற்கிற லாபமும் கூலியும் சேர்ந்து நாளுக்கு நூறு. ஆயிரம் வருகிறது, நூற்றைம்பது செலவு கழித்தால் 850. பள்ளி இல்லாத நாளில் சைக்கிள் வரும்படி போய்விடும். ஆனாலும் ரோடு ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதால் 550 நிற்கும்.

பள்ளி நாள் 210, மற்ற நாளில் கடை திறப்பது 90 என்று வைத்துக்கொண்டு வருடக் கணக்குப் பார்த்தோம். கேட்டுக்கு எதிர்க்கடை வருடத்துக்கு 1,24,500 ரூபாய், அதாவது மாதம் பத்தாயிரத்துச் சொச்சம். முக்குக் கடை 2,28,000 ரூபாய், மாதம் 19,000. வாடகையில் ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் போனாலும் கிட்டத்தட்ட எட்டாயிரம் வித்தியாசம். மருமகன் பேனாவை வைத்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

இந்தத் தொகைகள் எங்கள் பக்கத்துக் கூலிக்குப் போட்டவை. மதுரையில் பஞ்சருக்கு வேறு கூலி, சென்னையில் வேறு. ஆனால் எங்கே போனாலும் சைக்கிளுக்கும் பைக்குக்கும் இடையே உள்ள தூரம் இப்படித்தான் இருக்கும். அரசு கொடுத்த சைக்கிளை ஓட்டிவருகிற பிள்ளையிடம் முப்பதுக்கு மேல் கேட்க எனக்கு மனசு வராது. சில நாள் அந்த முப்பதும் நாளைக்குத்தான் வரும். பைக்காரர் வேலைக்குப் போகிற வழியில் நின்றவர். நூறு ரூபாயை விட அவருக்கு நேரம் பெரிது. டியூப்லெஸ் டயர் வந்தபிறகு அந்த நேரமும் சுருங்கிவிட்டது. டியூப் வண்டியின் பின்சக்கரம் என்றால் கழற்றி, ஒட்டி, மாட்டி முடிக்க அரை மணி நேரம் ஆகும். டியூப்லெஸ்ஸில் சக்கரத்தைக் கழற்றாமலே ஆணியைப் பிடுங்கி, அரம் போன்ற ஊசியால் ஓட்டையைச் சுத்தம் செய்து, ஸ்ட்ரிப்பைச் சொருகி, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டால் பத்து நிமிடம்தான். கூலியோ அதே நூறு. ஒரு மணி நேரத்தில் மூன்று சைக்கிள் பார்த்தால் தொண்ணூறு, மூன்று டியூப்லெஸ் பார்த்தால் முந்நூறு, அப்போதும் நேரம் மிச்சமிருக்கும். டியூப்லெஸ் அடிக்கடி பஞ்சராகாது, ஆனாலும் காற்று மெதுவாக இறங்குவதால் நின்றுபோகாமல் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவார்கள். டியூப் வண்டி அப்படி வராது, தள்ளித்தான் வரவேண்டும்.

அந்தத் தள்ளுகிற தூரத்தைத்தான் இடம் பார்க்கும்போது நான் முதலில் அளப்பது. காற்றிறங்கின வண்டியை ஒருவர் அரை கிலோமீட்டர் வரை தள்ளுவார். அதற்கு மேல் யாருக்காவது போன் போட்டுவிடுவார். அதனால் நம் கடைக்கு இரண்டு பக்கமும் ஒரு கிலோமீட்டருக்கு வேறு பஞ்சர் கடை இல்லாமல் இருந்தால் ரோட்டின் அந்தத் துண்டு முழுவதும் நம்முடையது. ரோட்டின் எந்தப் பக்கம் என்பதும் உண்டு. ஊரை விட்டு வெளியே போகிறவர்களின் இடது பக்கத்தைவிட, கிராமத்திலிருந்து ஊருக்குள் வருகிறவர்களின் இடது பக்கம்தான் எங்கள் பாதையில் நல்லது. முள் ஏறுவது கிராமத்து ரோட்டில், அது காற்றிறங்கித் தெரிவது ஊர் எல்லைக்கு வரும்போது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் லாரி போகிற ரோட்டைக் குறுக்கே கடக்க மாட்டார், எதிர்ப்பக்கம் கடை தெரிந்தாலும் நேரே போய்க்கொண்டே இருப்பார். மருமகன் பார்த்த திண்ணை நல்லவேளையாக உள்ளே வருகிற பக்கம்தான் இருந்தது. பெட்ரோல் பங்க் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பார்த்தோம். பங்கில் காற்று இலவசம், அதன் அருகில் கடை போட்டால் காற்றில் வருகிற நூறு நூற்றிருபதை மறந்துவிட வேண்டியதுதான். அங்கே பங்க் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.

அப்படியானால் பள்ளிக்கூடம் எதற்கு, பேசாமல் வெறும் ரோட்டிலேயே கடை போட்டுவிடலாமே என்று அவன் கேட்டான். நியாயமான கேள்விதான். அதற்கு ஒரு சைக்கிளின் கதையைத்தான் பதிலாகச் சொன்னேன்.

பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி, பள்ளியில் கொடுத்த புதுச் சைக்கிள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பின்சக்கரத்தில் காற்றிறங்கும். ஊரில் ஒருவரிடம் ஒட்டியிருக்கிறாள், வேறு கடையிலும் ஒட்டியிருக்கிறாள். என்னிடம் வந்தபோது டியூபில் ஏற்கெனவே மூன்று ஒட்டு இருந்தது. தண்ணீரில் அமுக்கியதும் நான்காவது இடத்தில் குமிழி வந்தது. நான்கும் டியூபின் உள்வட்டத்தில், அதாவது ரிம் படுகிற பக்கம் இருந்தன. முள்ளோ ஆணியோ என்றால் ஓட்டை வெளிவட்டத்தில், ரோட்டைப் பார்க்கிற பக்கம் இருக்க வேண்டும். காற்றுக் குறைவாக ஓட்டிக் கல்லில் ஏற்றினால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கிப் பாம்பு கடித்ததுபோல் பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். இது இரண்டும் இல்லை. வால்வை அதன் துளைக்கு நேரே வைத்து டியூபை ரிம் மேல் படுக்கப்போட்டு, குறி வைத்த நான்கு இடமும் எங்கே வருகிறது என்று பார்த்தேன். நான்கும் போக்ஸ் கம்பியின் நிப்பிள் மேல் வந்து உட்கார்ந்தன. ரிம் டேப்பை உரித்துப் பார்த்தால் கம்பி முனைகள் நிப்பிளுக்கு மேலே ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. சக்கரம் கோர்க்கும்போது கம்பியை அளவுக்கு மேல் முறுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் முனை டேப்பைத் துளைத்து டியூபைக் குத்திக்கொண்டிருந்தது. டியூபில் எத்தனை ஒட்டுப் போட்டாலும் அந்த வியாதி தீராது.

நீட்டின முனைகளை அரத்தால் ராவி மட்டம் பண்ணினேன். பழைய பைக் டியூபிலிருந்து நாடா மாதிரி ஒரு துண்டு வெட்டி, நிப்பிள்களுக்கு மேல் சுற்றிவிட்டு, அதன் மேல் புது டேப் போட்டேன். பஞ்சரோடு சேர்த்து அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டேன். இன்னொரு ஒட்டு மட்டும் போட்டு அனுப்பியிருந்தால் வாரம் இரண்டு முறை முப்பது முப்பதாக அந்தப் பிள்ளை கொடுத்துக்கொண்டே இருந்திருக்கும். அப்படிப் பிழைக்கிற கடைகளும் இருக்கின்றன. எனக்கு அது ஆகாது. அடுத்த வாரம் அவளுடைய அப்பா எக்ஸெல் வண்டியோடு வந்தார். "எங்க பாப்பா சைக்கிளுக்கு என்னண்ணே செஞ்சீங்க, காத்தே எறங்க மாட்டேங்குது" என்றார். பின் டயர் வழுக்கையாகி நூல் தெரிந்தது, அன்றைக்கே டயரும் டியூபும் மாற்றினார். பிறகு அவருடைய தம்பி வந்தார், அவர்கள் ஊர்ப் பால்காரர் வந்தார். மூட்டையும் கேனும் ஏற்றுகிற எக்ஸெல் வண்டிகளுக்குப் பின் டயர்தான் முதலில் போகும். ஒரே ஊரிலிருந்து மூன்று நான்கு வண்டி நிலையாக வந்தால் அது கடைக்குப் பெரிய பலம்.

ஆகவே பள்ளிக்கூடத்தின் லாபத்தை சைக்கிள் கூலியில் தேடக் கூடாது என்றேன். சுற்றியுள்ள பதினைந்து இருபது ஊரிலிருந்து வீட்டுக்கு ஒரு பிள்ளை அந்த வழியாகத் தினமும் இரண்டு முறை போகிறது. எந்த விளம்பரத்தாலும் அத்தனை வீட்டுக்குள் போக முடியாது. அந்த வீட்டு வண்டி மெயின் ரோட்டில் வரும்போது கடை அதன் கண்ணில் பட வேண்டும். தெருவுக்குள் இருக்கிற கடை பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. முக்கில் இருந்தால் இருவருக்கும் தெரியும். இதற்கு அரசு மேல்நிலைப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ தான் ஏற்றது, பதினோராம் வகுப்பில் விலையில்லா சைக்கிள் கொடுப்பது அங்கேதான். வேன் ஓடுகிற தனியார் பள்ளிக்கு எதிரில் உட்கார்ந்தால் சைக்கிளையே பார்க்க முடியாது. தொடக்கப் பள்ளி என்றால் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற அம்மாக்களின் ஸ்கூட்டர் உண்டு. ஆனால் அவர்கள் ஐந்து நிமிடத்தில் போய்விடுவார்கள், காற்று மட்டும் பிடிப்பார்கள். எங்கள் பக்கத்திலும் முன்புபோல் சைக்கிள் இல்லை. 2021இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபிறகு, கூடவே வருகிற அம்மாவுக்கும் டிக்கெட் இல்லை என்பதால் பஸ் வசதியுள்ள ஊர்ப் பிள்ளைகள் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டு வருகிறார்கள். பஸ் போகாத ஊர்கள் எத்தனை இருக்கின்றன என்று விசாரித்துக்கொள்வதும் இடம் பார்ப்பதில் சேர்ந்ததுதான்.

மருமகனிடம் கண்டிப்பாகச் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. கடைக்குப் பக்கத்தில் அடிக்கடி பஞ்சரானால், கடைக்காரனே ஆணியைப் போட்டுவிட்டான் என்று பேச்சு வரும். அப்படிச் செய்கிறவர்கள் இல்லையென்று என்னால் சொல்ல முடியாது. பெங்களூரு வெளிவட்டச் சாலையில் ஒருவர் தினமும் காந்தம் கொண்டு ஆணி பொறுக்கிய செய்தி நாடு முழுக்க வந்தது. பள்ளிக்கூடத்துப் பக்கம் அந்தப் பேச்சு ஒருமுறை கிளம்பினால் தலைமையாசிரியர் மணியடித்துப் பிரேயரிலேயே சொல்லிவிடுவார், அதோடு கடை முடிந்தது. அதனால் நான் எடுக்கிற முள்ளையும் ஆணியையும் வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவேன். தண்ணீர்த் தொட்டி கடைக்குள் இருக்காது, வெளியே இருக்கும். குமிழி எத்தனை இடத்தில் வருகிறது என்று அவரே பார்க்க வேண்டும். டியூப்லெஸ்ஸில் இரண்டு ஸ்ட்ரிப் போட்டேன் என்று காசு வாங்குகிறவன் மேல்தான் சந்தேகம் அதிகம். அங்கே தண்ணீர்த் தொட்டி கிடையாது, சோப்புத் தண்ணீரை டயர் மேல் ஊற்றி நுரை கிளம்புவதைக் காட்டிவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுக்க வேண்டும். பெட்டிக்கடைச் சாமான் கொஞ்சம் வைக்கலாமா என்றும் கேட்டான். தண்ணீர் பாட்டில், கடலை மிட்டாய் வை, பீடி சிகரெட் வைக்காதே என்றேன். பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது 2003ஆம் வருடச் சட்டம். நூற்றைம்பது மீட்டர் ஆகிவிட்டதே என்றான். சட்டத்துக்கு ஆகிவிட்டது, கடைக்கு வருகிறது அதே பிள்ளைகள்தானே என்றேன். அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இடம் யாருடையது என்பதையும் விடக் கூடாது. கேட்டுக்கு எதிரில் இருந்த அந்த ஆயிரம் ரூபாய் இடம் உண்மையில் ரோட்டு ஓரம், வாடகை கேட்டவருக்கு அதில் உரிமையே இல்லை. சாலை விரிவுக்கு முதலில் எடுக்கப்படுவது அதுதான். நகராட்சி எல்லைக்குள் என்றால் 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி விற்பனைச் சான்று வாங்கலாம், பொருள் விற்கிறவர்களைப் போலவே தெருவில் வேலை செய்து கொடுக்கிறவர்களும் அதில் சேர்த்தி. ஆனால் கம்ப்ரசர் வைத்துத் தொழில் செய்ய மின்சாரம் வேண்டும், தரை மட்டமாக இருக்க வேண்டும், மதியம் நிழல் வேண்டும். சரிவான தரையில் சென்டர் ஸ்டாண்டு போட்ட வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றினால் வண்டி ஆள் மேலேயே சாயும். திண்ணை வீட்டில் இந்த மூன்றும் இருந்தன, வாசலில் ஒரு புங்கமரமும் நின்றது. கடைக்கென்று தனி மீட்டர் வாங்கிக்கொள்வதாகப் பேசி, வாடகையை 1,800க்கு முடித்தோம். பத்திரம் எழுதி, மூன்று மாத முன்பணம் கொடுத்தோம்.

பழைய ஒரு குதிரைசக்தி கம்ப்ரசர் 16,000 ரூபாய்க்குக் கிடைத்தது. தொட்டியின் அடியில் இருக்கிற திருகைத் திறந்து, துருத் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்த்துத்தான் வாங்கினோம். தினமும் ராத்திரி அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும், வடிக்காத தொட்டி உள்ளிருந்தே அரித்துப்போகும். கம்ப்ரசரைச் சைக்கிளுக்குப் பிடிக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஒரு நொடி கூடுதலாக அழுத்தினாலும் சைக்கிள் டியூப் வெடிக்கும், பக்கத்தில் குனிந்து நிற்பது பிள்ளையின் முகம். சைக்கிளுக்குக் கைப்பம்ப் போதும், அதை மரத்தடியில் வைத்துவிட்டால் பிள்ளைகளே அடித்துக்கொள்ளும், அதற்குக் காசு வாங்க வேண்டாம்.

கடையை மே மாதமே திறக்கச் சொன்னேன். சாமானும் ரோட்டு வண்டிகளுக்குத் தேவையானதை மட்டும்தான் முதலில் வாங்கினோம். ஜூன் முதல் வாரம் பள்ளி திறக்கும். இரண்டு மாதமாகத் திண்ணையில் சாய்ந்து கிடந்த சைக்கிள்கள் அப்போது ஒரே நாளில் வெளியே வரும். அவற்றில் பஞ்சர் குறைவு, வால்டியூப் காய்ந்து வெடித்திருக்கும், பிரேக் கட்டை கல்லாகியிருக்கும், செயின் துருப்பிடித்திருக்கும். அதற்காக மே கடைசியில் மதுரைக்குப் போய் வால்டியூப் ஒரு சுருள், பிரேக் கட்டை இரண்டு பெட்டி, அரசு சைக்கிள் அளவுக்கு டியூப் ஒரு டஜன், ரிம் டேப் கொஞ்சம் வாங்கி வந்திருக்கிறான். டியூபை இரண்டு டஜனாகப் போடலாமா என்று கேட்டான். வேண்டாம், இந்த வருடச் சைக்கிள் எந்த மாதம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தபிறகு மீதியை எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.